நீந்துகிறதா, நடுங்குகிறதா?

பாக்டீரியா நிறைந்த ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எல்லாமே அசைவதுபோல் தெரியும். சீழில் காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு நீந்துவதற்கான உறுப்பே கிடையாது. ஆனாலும் அது நின்ற இடத்தில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். செத்துப்போன பாக்டீரியாவும் அப்படியே துடிக்கும். பக்கத்து ஸ்லைடில் இருக்கும் காலரா கிருமியோ உண்மையிலேயே நீந்துகிறது. இந்த இரண்டு அசைவுகளையும் பிரித்தறியத் தெரியாமல் கண்ணில் பட்டதை எழுதிவைத்தால், ஆய்வக முடிவு தவறாகிவிடும்.

சாயம் ஏற்றிய ஸ்லைடில் இதைப் பார்க்க வழியில்லை. சூடு காட்டி ஒட்டவைக்கும்போதே கிருமி செத்துவிடுகிறது. உயிரோடு, ஈரத்தோடு, அழுத்தம் இல்லாமல் பார்க்க வேண்டும். அதற்குத்தான் தொங்கு துளி. ராபர்ட் கோக் 1876இல் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கையைப் படிப்படியாகக் கண்டது மாட்டின் கண்நீர்மத்தில் வைத்த இத்தகைய துளியில்தான்.

இதற்கு நடுவில் சிறு குழி கடைந்த ஸ்லைடு வேண்டும். ஒரு கவர்ஸ்லிப்பை எடுத்து, அதன் நான்கு மூலைகளிலும் அல்லது விளிம்பு முழுவதும் சிறிதளவு வாஸ்லைனைத் தடவுகிறோம். நடுவில், இளம் கல்ச்சரிலிருந்து லூப்பால் எடுத்த ஒரு சிறு துளியை வைக்கிறோம். துளி சிறிதாக இருப்பது முக்கியம். குழியுள்ள ஸ்லைடைக் குழி கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, துளி குழிக்கு நடுவே வரும்படி கவர்ஸ்லிப்பின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால் வாஸ்லைன் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரே வீச்சில் திருப்புகிறோம். இப்போது துளி கண்ணாடியின் அடியில், குழிக்குள் காற்றில் தொங்குகிறது. வாஸ்லைன் முழுவதும் அடைத்திருந்தால் துளி சீக்கிரம் உலராது. துளி பெரிதாகிக் குழியின் அடியைத் தொட்டுவிட்டால் நீர் படர்ந்து ஓடும். அந்த ஸ்லைடை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்வதே நல்லது.

நிறமில்லாத துளிக்குள் நிறமில்லாத கிருமியைத் தேடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குறைந்த பெரிதாக்கத்தில், முதலில் துளியின் விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அது வளைந்த கறுப்புக்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை நடுவில் வைத்துக்கொண்டு 40 மடங்கு லென்ஸுக்கு மாற வேண்டும். கண்டென்சரைச் சற்று இறக்கி, ஐரிஸைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கிருமிகள் மங்கலாகத் தென்படும். பிரகாசமான ஒளியில் அவை கரைந்துவிட்டதுபோல் காணாமல் போய்விடும். விளிம்பில் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: காற்று விரும்பும் கிருமிகள் ஆக்சிஜன் கிடைக்கும் விளிம்பருகில் கூடுகின்றன, துளியின் நடுவில் ஆக்சிஜன் தீரத் தீரச் சோர்கின்றன.

இனி அந்தத் துடிப்பு. 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், மகரந்தத் துகள்களிலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் துள்ளுவதைக் கண்டார். உயிர்தான் காரணமோ என்று அறிய, கண்ணாடித் தூளையும் பாறைத் தூளையும் போட்டுப் பார்த்தார். அவையும் துள்ளின. உயிர் தேவையில்லை என்று தெரிந்தது. நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதி, எந்த நொடியிலும் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாகத் தள்ளுவதால் துகள் நடுங்குகிறது என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கால் விளக்கினார்.

அந்தக் கணக்கு ஆய்வக மேசையில் நேரடியாகப் பயன்படுகிறது. ஒரு மைக்ரோமீட்டர் பருமனுள்ள கிருமி, வெறும் நடுக்கத்தால் ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் இடம் மாறும். நான்கு நொடி காத்திருந்தாலும் நான்கு மடங்கு நகராது, இரண்டு மடங்குதான் நகரும். முன்னும் பின்னும் தள்ளப்படுவதால் பயணம் கூடிவருவதில்லை. நீந்தும் கிருமியின் தூரமோ நேரத்தோடு சேர்ந்து கூடுகிறது. ஈ.கோலி நொடிக்கு சுமார் 20 மைக்ரோமீட்டர் போகும். கிட்டத்தட்ட ஒரு நொடி நேராக ஓடி, ஒரு கணம் தலைகுப்புற உருண்டு, வேறு திசையில் மீண்டும் ஓடும். ஆகவே ஒரு கிருமியை மட்டும் தேர்ந்தெடுத்துச் சில நொடிகள் விடாமல் பாருங்கள். தன் உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு தூரம் கடந்து, பக்கத்துக் கிருமிகளைத் தாண்டிப் போனால் அது நீச்சல். பக்கத்துக் கிருமிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பெரிதாக மாறாமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் அது பிரவுன் கண்ட அசைவு.

மூன்றாவது ஓர் ஏமாற்றும் உண்டு. வாஸ்லைனில் ஒரு சிறு இடைவெளி விட்டுப்போனாலோ விளக்கின் சூடு ஏறினாலோ துளிக்குள் நீரோட்டம் எழும். அப்போது கிருமிகள் நெடுந்தூரம் போகும், ஆனால் எல்லாமே ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகும். தூசும் அவற்றோடு சேர்ந்தே மிதந்து போகும். நீந்துபவை ஆளுக்கொரு திசையில் போகும், சில நீரோட்டத்தை எதிர்த்தும் போகும். ஐயம் தீரவில்லை என்றால், அதே கல்ச்சரில் ஒரு துளி ஃபார்மலின் கலந்து இரண்டாவது ஸ்லைடு தயாரிக்கலாம். அதில் எல்லாம் செத்துவிடும். எஞ்சியிருக்கும் அசைவு நடுக்கம் மட்டுமே. முதல் ஸ்லைடில் அதைவிடக் கூடுதலாக என்ன தெரிகிறதோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

காலராவில் இது எப்படிப் பயன்படுகிறது என்று பார்ப்போம். அரிசி களைந்த நீர்போலக் கழிச்சல் போகும் நோயாளியின் மலத்தைக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் இட்டு, சில மணி நேரம் வளர்க்கிறார்கள். காலரா கிருமி மேற்பரப்பருகில் கூடும் என்பதால் அங்கிருந்தே லூப்பில் எடுத்துத் தொங்கு துளி செய்கிறார்கள். ஒரு முனையில் ஒரே கசையிழை கொண்ட வளைந்த கிருமி அது. நொடிக்கு 60 மைக்ரோமீட்டர் அளவில் விரையும். ஈ.கோலியைப் போல மூன்று மடங்கு வேகம். மாலை வெளிச்சத்தில் பறக்கும் கொசுக்கூட்டத்தைப் போல அவை பார்வைப் பரப்பை ஊடறுத்துப் பாயும்.

இந்தப் பாய்ச்சல் மட்டும் போதாது, வேறு கிருமிகளும் பாயும். அதனால் இன்னொரு துளியில் ஓ1 வகைக் காலராவுக்கு எதிரான சீரத்தைக் கலக்கிறார்கள். சில நிமிடங்களில் பாய்ச்சல் நின்று, நடுக்கம் மட்டும் மிஞ்சினால் அது ஓ1 காலரா என்று எண்ண நல்ல காரணம் உண்டு. சீரம் கலக்காத துளியில் ஓட்டம் தொடர வேண்டும். இல்லையென்றால் குளிரிலோ உலர்ச்சியிலோ கிருமியே தளர்ந்திருக்கலாம். நீச்சலுக்கும் நடுக்கத்துக்கும் வேறுபாடு தெரியாதவர், நின்றுபோன துளியைப் பார்த்தும் இன்னும் அசைகிறதே என்று எழுதிவிடுவார்.

சீரத்துக்கும் எல்லை இருக்கிறது. 1992இன் பிற்பகுதியில் சென்னையில் காலரா நோயாளிகளிடம் கண்ட ஒரு புதிய வகையை ஓ1 சீரம் பாதிக்கவில்லை. அது பின்னர் ஓ139 என்று பெயர் பெற்றது. பாய்ச்சல் நிற்கவில்லை என்பதற்காகக் காலரா இல்லை என்று அன்று முடிவு கட்டியிருந்தால் பெருந்தவறாகியிருக்கும்.

அசைவு தெரியவில்லை என்பதும் முடிவான விடையல்ல. பழைய கல்ச்சரில் கிருமி சோர்ந்திருக்கும். பலமாகக் குலுக்கினால் கசையிழைகள் அறுந்துபோகும். லிஸ்டீரியா 25 பாகைக்குக் கீழே நன்றாக உருண்டு நீந்தும், உடல் வெப்பமான 37 பாகையில் பெரும்பாலும் அசையாது. அத்தகைய கிருமிக்கு இளம் கல்ச்சரை அறை வெப்பத்தில் வளர்த்து மறுபடி பார்க்க வேண்டும். தொங்கு துளியில் ஐயமானால் மென்மையான அகாரில் குத்தி வளர்த்து, குத்திய கோட்டிலிருந்து மங்கல் வெளியே பரவுகிறதா என்று மறுநாள் பார்க்கலாம்.

பார்த்து முடித்ததும் கவர்ஸ்லிப்பைப் பிரிக்காமல், ஸ்லைடோடு அப்படியே கிருமிநாசினி நிறைந்த ஜாடியில் போடுங்கள். அந்தத் துளிக்குள் இருப்பது இன்னும் உயிரோடு இருக்கும் காலரா கிருமி.