பழைய சம்பளம், இன்றைய வரி

பதவி உயர்வு வழக்கு முடிந்து அரியர் வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள், அந்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் கொஞ்சம் வாடிப்போவது உண்டு. வந்த மூன்று லட்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு வரியாகப் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தப் பணம் அன்றன்றைக்கே கைக்கு வந்திருந்தால் இவ்வளவு வரி வந்திருக்காதே என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அது தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.

முன்பு வரி விதிக்கப்படாத நிலுவைச் சம்பளம், எந்த ஆண்டுக்கு உரியதானாலும், கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே கணக்கிடப்படும். அதனால் மூன்று வருடத்துப் பணம் ஒரே வருடத்தில் குவிந்து, ஆளை மேல் அடுக்குக்குத் தள்ளிவிடுகிறது. இந்த நெருக்கடியைத் தணிக்க 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைக்கப்பட்டதுதான் 89-ஆம் பிரிவு. இது வரிவிலக்கு அல்ல என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலுவை முழுவதும் இந்த ஆண்டு வருமானத்தில் காட்டப்படும், வரியும் போடப்படும். தாமதத்தால் கூடிப்போன பகுதி மட்டும் அந்த வரியிலிருந்து கழிக்கப்படும்.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அவருடைய பதவி உயர்வு 2017 ஏப்ரல் முதல் செல்லும் என்று தீர்ப்பாகி, மூன்று நிதியாண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று லட்சம் ரூபாய் 2024-25-இல் மொத்தமாக வந்தது. அந்த ஆண்டு அவர் பழைய வரி முறையில் இருக்கிறார். கழிவுகளெல்லாம் போக வரிக்குரிய வருமானம் ஒன்பது லட்சம். அதற்கு செஸ் சேர்த்து வரி 96,200 ரூபாய். நிலுவையைச் சேர்த்தால் வருமானம் பன்னிரண்டு லட்சம், வரி 1,79,400. ஆக, நிலுவையால் இந்த ஆண்டு கூடிய வரி 83,200 ரூபாய். ஒன்பதிலிருந்து பத்து லட்சம் வரை 20 சதவீதம், அதற்கு மேல் இரண்டு லட்சத்துக்கு 30 சதவீதம் என்று போனதால் வந்த தொகை இது.

இப்போது காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, அந்தந்த ஒரு லட்சம் அந்தந்த ஆண்டிலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டும். 2017-18-இல் அவருடைய வரிக்குரிய வருமானம் நான்கு லட்சம். அது ஐந்து லட்சமாகியிருந்தாலும் 5 சதவீத அடுக்கைத் தாண்டியிருக்காது. கூடுதல் வரி வெறும் 5,150 ரூபாய். அந்த ஆண்டில் செஸ் 3 சதவீதம்தான். 2018-19-இல் வருமானம் 4,30,000. ஒரு லட்சம் சேர்ந்தால் முப்பதாயிரம் மட்டும் 20 சதவீத அடுக்குக்குள் போகும். கூடுதல் வரி, 4 சதவீத செஸ்ஸுடன், 9,880. 2019-20-இல் வருமானம் 5,10,000. ஒரு லட்சம் முழுவதற்கும் 20 சதவீதம், கூடுதல் 20,800.

மூன்றையும் கூட்டினால் 35,830 ரூபாய். பணம் உரிய காலத்தில் வந்திருந்தால் அவர் கட்டியிருக்கக்கூடிய வரி இவ்வளவுதான். இந்த ஆண்டு கூடிய 83,200-இலிருந்து இதைக் கழித்தால் 47,370 ரூபாய். அதுதான் நிவாரணம். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல.

கணக்கில் பலர் தடுமாறும் இடம் ஒன்று. ஒவ்வொரு பழைய ஆண்டுக்கும் அந்த ஆண்டின் வரி விகிதம், அந்த ஆண்டின் செஸ், அந்த ஆண்டில் கழிவுகள் போக இருந்த வருமானம் ஆகியவற்றைத்தான் எடுக்க வேண்டும். படிவம் 16-இன் மேல்பகுதியில் இருக்கும் மொத்தச் சம்பளத்தை எடுத்துவிட்டால் பழைய ஆண்டுகளின் வரி ஏறி, நிவாரணம் குறைந்துவிடும். அந்த ஆண்டு வீட்டு வாடகையோ வங்கி வட்டியோ வந்திருந்தால் அதுவும் வருமானத்தில் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆகவே தாக்கல் செய்த பழைய கணக்குகளின் நகல்தான் நம்பகமான ஆதாரம். எந்த ஆண்டுக்கு எவ்வளவு நிலுவை என்று பிரித்துக் காட்டும் பட்டியலை அலுவலகக் கணக்குப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய அரியர் பில் இதற்குப் போதாது.

அடுத்தது 10E படிவம். ஆடிட்டர்கள் அடித்துச் சொல்வது ஒன்றே: கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே இது போயிருக்க வேண்டும். வருமான வரித் துறையின் இணையதளத்தில் நுழைந்து, e-File என்ற பகுதியில் Income Tax Forms என்பதைத் திறந்தால் இது கிடைக்கும். நிலுவைச் சம்பளத்துக்கு அதிலுள்ள Annexure I. மேலே Assessment Year கேட்கும் இடத்தில் பணம் வந்த ஆண்டுக்குரியதைக் கொடுக்க வேண்டும். நம் ஆசிரியைக்கு அது 2025-26. நிலுவை 2017-18-க்கு உரியது என்பதால் அந்தப் பழைய ஆண்டைத் தேர்ந்தெடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அவருடைய இந்த ஆண்டுக் கணக்கோடு படிவம் சேராது. பழைய ஆண்டுகளின் விவரம் உள்ளே இருக்கும் அட்டவணையில்தான் வர வேண்டும். ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்தால் வேலை முடிந்தது. பழைய கணக்குகளைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. இது பலருக்கு நிம்மதி தரும் செய்தி.

அரசு ஊழியர்கள், பொதுத்துறை, நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் போன்றவற்றில் வேலை செய்கிறவர்கள் இந்த விவரங்களை அலுவலகத்தில் கொடுத்தால், வரிப் பிடித்தத்தின்போதே நிவாரணத்தைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. அலுவலகம்தான் கழித்துவிட்டதே என்று 10E-ஐ விட்டுவிட்டால் பின்னால் தொல்லை. கணக்கைச் சரிபார்க்கும் கணினி, படிவம் இல்லாத நிவாரணத்தை வெட்டிவிடும். பிறகு 143(1) பிரிவின் கீழ் வரும் அறிவிப்பில், கழித்த தொகையை வட்டியோடு கட்டும்படி எழுதியிருக்கும். அப்படி வந்தால் கலங்கிப்போய் உடனே பணம் கட்ட வேண்டாம். விடுபட்ட படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டுத் திருத்தம் கோரி விண்ணப்பிக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தாலும் தீர்வுக்கு மாதங்கள் ஆகலாம். அரை மணி நேர வேலையைத் தள்ளிப்போட்டதற்கு இது அதிகமான விலை.

புதிய வரி முறைக்கு மாறியவர்களும் இந்த நிவாரணத்தைக் கேட்கலாம். ஓய்வூதிய நிலுவைக்கும், கணவரையோ மனைவியையோ இழந்தவர் பெறும் குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் இது உண்டு.

எல்லோருக்கும் பணம் மிஞ்சும் என்று சொல்வதற்கில்லை. பணியில் இருந்தபோது 30 சதவீத அடுக்கில் இருந்து, ஓய்வுக்குப் பின் சிறிய ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அரியர் வந்தால், பழைய ஆண்டுகளில் கூடியிருக்கும் வரிதான் அதிகமாக இருக்கும். அப்போது நிவாரணம் இல்லை. அதே சமயம் அந்த வித்தியாசத்தை அவரிடம் யாரும் கேட்கவும் மாட்டார்கள். தாமதம் அவருக்கு லாபமாகிவிட்டது. லாபம் தரும் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. எல்லா ஆண்டுகளின் கூட்டுத்தொகையையும் இந்த ஆண்டு கூடிய வரியோடு ஒப்பிட வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நிவாரணம் அதிலும் தொடர்கிறது, ஆனால் 89 என்ற எண் அதில் இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு நிலுவை வாங்குகிறவர்கள் பழைய பிரிவையும் பழைய படிவத்தையும் தேடாமல், புதிய எண்களைத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2026 மார்ச் 31-க்குள் கைக்கு வந்த பணத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.