பேந்து எண்டா எப்ப?

டொரொன்டோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி வீடு. மாலை ஏழு மணிக்கு அம்மாவின் கைபேசியில் மணி அடிக்கிறது. “தம்பி, தமிழ்க் கொப்பியை எடு” என்கிறார். சோபாவில் கிடக்கும் ஒன்பது வயதுப் பையன் தலையைத் தூக்காமலே பதில் சொல்கிறான்: “பேந்து, அம்மா.”

யாழ்ப்பாணப் பேச்சில் ‘பேந்து’ என்றால் ‘பிறகு’. “பேந்து எண்டா எப்ப?” என்று அம்மா திருப்பிக் கேட்பார். அதற்கு மட்டும் அந்த வீட்டில் பதில் கிடைத்ததில்லை.

பையன் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்குப் போகிறான். வாரத்தில் இரண்டரை மணி நேரம். அங்கே படித்த எழுத்து புதன்கிழமைக்குள் பாதி மறந்துபோகும். அதனால்தான் தினமும் பத்து நிமிடம் என்று அம்மா முடிவெடுத்து, கைபேசியில் மணி வைத்தார். முதல் வாரம் பலித்தது. மூன்றாவது வாரத்தில் மணி அடிப்பதும் அதை நிறுத்துவதும் சமையலறை மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிட்டன. யார் காதிலும் விழவில்லை. மணியின் குறை இதுதான். நேரம் வந்ததை அது சொல்லும். ஆனால் அந்த நேரத்தில் பையன் வேறொரு விளையாட்டின் நடுவில் இருப்பான். எதை விட்டுவிட்டு எதைச் செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

மாற்றம் தற்செயலாக வந்தது. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் மாலை வேலை. அப்படி ஒரு நாள் அவசரத்தில் பிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுத்தாளை ஒட்டிவிட்டுப் போனார். “பிரிட்ஜுக்குள்ள கீழ்த் தட்டில மாம்பழம் கிடக்கு. அப்பாவுக்கும் குடு.” பையன் எழுத்துக் கூட்டி வாசித்து, மாம்பழத்தைக் கண்டுபிடித்து, அப்பாவுக்குக் கொஞ்சம் குறைவாகவே கொடுத்தான். அன்று அவனை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நினைவூட்டலே வாசிப்பாக மாறியது. தினமும் ஒரு துண்டு, எட்டுப் பத்துச் சொற்கள். வாசித்தால்தான் தெரியும் ஒரு செய்தி அதில் இருக்க வேண்டும்: தின்பண்டம் எங்கே, டேப்லெட்டின் கடவுச்சொல் இன்று என்ன, நாளை யார் வீட்டுக்கு வருகிறார்கள். ‘தமிழ் படி’ என்று எழுதிய துண்டை அம்மா இரண்டே நாளில் கைவிட்டார். அதை வாசித்து முடித்தபின் அறிந்துகொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. ஒட்டும் இடமும் முக்கியம். பள்ளிவிட்டு வந்ததும் பிரிட்ஜைத் திறக்காத பிள்ளை உண்டா?

துண்டுகள் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தன. பையன் வாசிப்பதாக வீட்டார் நம்பியதில் பாதி ஊகம். பாடப்புத்தகத்தில் படம் இருக்கும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் குரல் இருக்கும். பிரிட்ஜ் கதவில் இரண்டும் இல்லை. ஒருநாள் “உன்ர நீலச் சட்டை கொடியில காயுது” என்று எழுதியிருந்தது. அவன் அப்பாவிடம் ஓடிப்போய், “என்ர சட்டையை ஏன் கடையில வச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்டான். முதல் எழுத்தின் சாயலையும் சொல்லின் நீளத்தையும் பார்த்து, ‘கொடியில’ என்பதைக் ‘கடையில’ என்று நிரப்பிக்கொண்டிருக்கிறான்.

தவறு கவனக்குறைவால் மட்டும் வந்ததல்ல. ஆங்கிலத்தில் தொடங்கிய கண், எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துக்கொண்டு போகும். ‘கொ’வில் முதலில் கண்ணில் படுவது கொம்பு, அடுத்து க, கடைசியில் அரவு. தமிழ்நாட்டில் அந்த அரவைத் துணைக்கால் என்பார்கள். கொம்பும் அரவும் க-வை இருபுறமும் அணைத்து நின்று ஒரே ஒலியைத் தருகின்றன. இது பிடிபடாத பிள்ளை ஒன்று, ‘கெ’ என்று தொடங்கி அரவில் முட்டி நிற்கும். அல்லது கொம்பையும் அரவையும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். இவன் இரண்டாவது வகை. 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பித்தவன்தான். அட்டவணையில் ‘கொ’ எப்போதும் ‘கை’க்கு அடுத்த பெட்டியில் வரும், இடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

எனவே அடுத்த பத்து நாளும் துண்டுகளில் கொம்பும் அரவும் நிறைந்திருந்தன: தொப்பி, பொரியல், கொய்யா, சொக்லேட். புதிய பாடம் என்று எதுவும் நடக்கவில்லை. வாசிக்கத் தடுமாறினால் மூன்று உருவையும் ஒரு விரலால் மூடி, விரலை எடுத்ததும் ஒரே மூச்சில் சொல்லவைத்தார்கள். அவ்வளவுதான்.

எழுத்துப் பயிற்சிக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மா உதவினார். டொரொன்டோவில் மாலை ஏழு மணி என்றால், கோடையில் அங்கே மறுநாள் அதிகாலை நாலரை. அம்மம்மா ஐந்தரைக்கு எழும்புவார். பையன் கொப்பியில் மூன்று வரி எழுதி, அதைப் படமெடுத்து ஏழு மணிக்கு அனுப்பினால், எட்டு மணிக்கு அவருடைய பதில் வந்துவிடும். பையன் படுப்பதோ எட்டரைக்கு. பதிலுக்காக இவன் காத்திருப்பதே நினைவூட்டலாகிப் போனது. நவம்பரில் டொரொன்டோ கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுகிறது. இலங்கையில் அந்த வழக்கம் இல்லை. அப்போது அம்மம்மா எழும்பும் நேரமும் இவன் அனுப்பும் நேரமும் ஒன்றாகிவிடும். பதில் உடனே வரும். மார்ச்சில் மறுபடி ஒரு மணி நேரக் காத்திருப்பு. முதல் மார்ச்சில் அதை மறந்துபோய், அம்மம்மாவுக்குச் சுகமில்லையோ என்று வீடே பதறியது.

கைபேசியிலேயே தட்டச்சு செய்து அனுப்பினால் என்ன என்று அப்பா கேட்டார். செய்து பார்த்தார்கள். amma என்று தட்டினால் அம்மா என்று வந்து விழுகிறது. மற்றச் சொற்களையும் பெட்டி தானே முன்வைக்கிறது. பிழையில்லாத அழகான செய்தி போய்ச் சேர்ந்தது, பையனின் கை ஒரு தமிழ் எழுத்தைக்கூடத் தொடாமல். அதனால் மறுபடி பென்சிலும் கொப்பியும்.

பிழை திருத்துவதில் அம்மாவுக்குப் பொறுமை எளிதாக வரவில்லை. தொடக்கத்தில் சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் வட்டமிட்டார். ‘இருக்கிரீங்களா’வில் ‘ர’, ‘பல்லிக்கூடம்’ என்பதில் ‘ல்லி’, ஒற்று மிகாத இடம் என்று மூன்று வரிக்கு ஏழு வட்டம். நான்காம் நாள் பையன் ஒரே வரி எழுதினான். வரி குறைந்தால் வட்டமும் குறையும் என்று கண்டுபிடித்திருந்தான்! இப்போது ஒரு நாளைக்கு ஒரு பிழைதான். அதையும் வட்டமிடுவதில்லை; அடுத்த நாள் துண்டில் அதே சொல்லைச் சரியாக எழுதிக் கண்ணில் படவைக்கிறார்.

வகுப்பு ஆசிரியைக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘கிடக்கு’, ‘காயுது’ என்று பேச்சை அப்படியே எழுதிப் பழக்கினால் பாடநூலின் ‘கிடக்கிறது’, ‘காய்கிறது’ எப்போது வரும்? நியாயமான கேள்வி. அம்மா வெள்ளிக்கிழமைத் துண்டை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருக்கிறார். பையன் அதைச் செய்தி வாசிப்பவர் குரலில் உரக்கப் படித்துக் காட்டுகிறான். இந்தத் துண்டுகளால் புதிய இலக்கணம் வந்துவிடாது. அதற்குச் சனிக்கிழமை வகுப்புத்தான் வேண்டும். அங்கே படித்தது அடுத்த சனி வரை உதிர்ந்துவிடாமல் பார்ப்பது மட்டுமே இவற்றின் வேலை.

தவறிய நாட்களும் இருக்கின்றன. காய்ச்சல், பிறந்தநாள் விழா, பனிப்புயலில் தாமதமான பஸ். தவறியதை மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்டும் முறையை ஒருமுறை முயன்று விட்டுவிட்டார்கள். மூன்று வரி ஆறாகிப் பன்னிரண்டான அன்று கொப்பி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

போன மாதம் ஒரு வியாழன். மாலை வேலை முடிந்து அம்மா நள்ளிரவில் வீடு திரும்பியபோது, பிரிட்ஜ் கதவில் அவர் ஒட்டாத ஒரு துண்டு இருந்தது. பென்சில் எழுத்து, வரி கீழ்நோக்கிச் சரிந்து போயிருந்தது. “அம்மா நாளைக்கு பள்ளிக்கூடம் இல்லை. என்னை எளுப்ப வேண்டாம்.” ‘பள்ளி’ சரியாக வந்திருந்தது. அம்மா பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினார்: “சரி. ஒன்பது மணிக்கு எழுப்புவேன்.”