முடிந்த ஆண்டின் கணக்கில் முன்னாள் உரிமையாளர் கைவைக்க முடியுமா? பூட்டு, தடம், தீர்ப்பாயம்: ஒரு விளக்கம்

புதுடெல்லி: டெல்லி கிழக்கு கிட்வாய் நகரில் ஊழியர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் (பி.எஃப்.) தலைமையகம் உள்ளது. ஒவ்வொரு மாத ஊதியத்துக்கான பி.எஃப். தொகையையும் விவரப் பட்டியலையும் நிறுவனங்கள் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் இந்த அமைப்பிடம் செலுத்த வேண்டும். அவ்வாறு வந்து சேர்ந்த பட்டியலை நிறுவன உரிமையாளர் பின்னர் நினைத்தபடி திருத்த முடியாது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான ஊதியக் கணக்கு நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கிறது. நிதியாண்டு முடிந்த பிறகும் அது திறந்தே கிடந்தால், தொழிலாளியின் உரிமைக்கான சான்றை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

ஓர் உதாரணம்

40 தொழிலாளர்கள் கொண்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2023-24ஆம் நிதியாண்டில் ஒவ்வொருவருக்கும் மாத அடிப்படை ஊதியம் ரூ.12,000. ஆனால் ரூ.8,000-க்கு மட்டுமே பி.எஃப். கட்டப்பட்டது. விடுபட்ட ரூ.4,000-க்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம் எனச் சேர்த்தால், ஒருவருக்கு மாதம் ரூ.960. நாற்பது பேருக்கு ஓராண்டில் ரூ.4,60,800.

2025இல் நிறுவனம் கைமாறுகிறது. பழைய பாக்கி வெளிப்பட்டால் அதைத் தானே ஏற்பதாக முன்னாள் உரிமையாளர் விற்பனை ஒப்பந்தத்தில் உறுதி அளித்திருக்கிறார். கணக்கு மென்பொருளில் அவரது நிர்வாகி கடவுச்சொல்லை யாரும் நீக்கவில்லை. பி.எஃப். விசாரணை வரும் என்று தெரிந்ததும், 2023-24 ஊதிய வவுச்சர்களைத் திறந்து, அடிப்படை ஊதியத்தை ரூ.8,000 ஆகக் குறைத்து, மீதி ரூ.4,000-ஐ 'இதர படி' என்று மாற்றிவிடுகிறார்.

இந்த மாற்றத்தை மொத்தத் தொகையை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. ஊதியச் செலவும், வங்கியிலிருந்து சென்ற பணமும் முன்போலவே இருக்கும். மார்ச் 31 இறுதி இருப்பும், ஏப்ரல் 1 தொடக்க இருப்பும் பொருந்தும். கையெழுத்திட்ட இருப்புநிலைக் குறிப்பிலும் ஒரு ரூபாய் வேறுபாடு தெரியாது. மாறியது உட்பிரிவு மட்டுமே. தொழிலாளியின் சேமிப்பு கரைவது அந்த உட்பிரிவில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிறுவனங்கள் (கணக்குகள்) விதிகள், 2014-இல் சேர்க்கப்பட்ட நிபந்தனை, இரு முறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பரிவர்த்தனையின் தடத்தையும் பதிய வேண்டும். எந்தப் பதிவு திருத்தப்பட்டாலும் அதைத் தேதியுடன் 'எடிட் லாக்' எனப்படும் திருத்தப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இந்த வசதியை அணைத்து வைக்க முடியாதபடி மென்பொருள் இருக்க வேண்டும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பதிவைத் திருத்தவே கூடாது என்று இந்த விதி தடுக்கவில்லை. திருத்தினால் தடம் அழியக்கூடாது என்றே கூறுகிறது. மேற்கண்ட உதாரணத்தில் ரூ.12,000 என்ற பழைய எண்ணும், ரூ.8,000 என்ற புதிய எண்ணும், மாற்றிய நாளும், எந்தப் பயனர் பெயரில் மாற்றப்பட்டது என்பதும் பதிவேட்டில் நிற்கும். இந்த வசதி ஆண்டு முழுவதும் இயங்கியதா, அதில் யாரேனும் கைவைத்தார்களா, தடம் பாதுகாக்கப்பட்டுள்ளதா என்பதைத் தணிக்கையாளர் தமது அறிக்கையில் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பொதுவாக எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பூட்டுவது எப்படி?

திருத்தத்தையே தடுப்பதற்கான பூட்டை நிறுவனமே போட்டுக்கொள்ள வேண்டும். தணிக்கை முடிந்து கணக்கு ஏற்கப்பட்டதும், மென்பொருளில் அந்த ஆண்டின் கடைசித் தேதியைப் பூட்டுத் தேதியாகக் குறிப்பதே முதல் படி. அதன்பின் 31-3-2024 அல்லது அதற்கு முந்தைய தேதியிட்ட வவுச்சரைப் பார்க்கலாம், அச்சிடலாம். சேர்க்கவோ திருத்தவோ நீக்கவோ இயலாது.

ஆனால் பூட்டைப் போட்ட நிர்வாகியே அதைத் திறக்கவும் முடியும். எனவே பூட்டைத் திறக்கும் அதிகாரம் அன்றாடம் பதிவு செய்பவரிடமோ உரிமையாளரிடமோ தனியாக இருக்கக் கூடாது; இருவர் ஒப்புதல் தந்தால்தான் திறக்கும் என்று அமைப்பது நல்லது. நிறுவனம் கைமாறும் நாளிலேயே பழைய உரிமையாளர், பழைய கணக்காளர் ஆகியோரின் பயனர் கணக்குகளை முடக்க வேண்டும். அவற்றை அழித்துவிடக் கூடாது. அழித்தால் பழைய பதிவுகளை யார் செய்தார் என்ற தடமும் குழம்பும்.

அடுத்த ஓட்டை, மென்பொருளுக்குக் கீழே உள்ள தரவுத்தளம். அதன் கடவுச்சொல் தெரிந்தவர் மென்பொருளைத் திறக்காமலே எண்ணை மாற்றலாம். அப்போது மென்பொருளின் பூட்டும் எடிட் லாக்கும் அதை அறியாமல் போகலாம். தரவுத்தள அளவில் தடம் பதியும் வசதி இயக்கப்படவில்லை என்று பல நிறுவனங்களின் தணிக்கை அறிக்கைகளில் குறிப்பு இடம்பெறுவது இதனால்தான்.

இதற்கு மாற்று, நிறுவனத்தின் கைக்கு எட்டாத ஒரு நகல். ஆண்டு மூடும் நாளில் முழு ஊதியப் பதிவேட்டையும் கோப்பாக எடுத்து, அதன் 'ஹேஷ்' எனப்படும் கணினிக் கைரேகையைக் கணக்கிட்டு, கோப்பையும் கைரேகையையும் தணிக்கையாளரிடம் ஒப்படைக்கலாம். கோப்பில் ஓர் எண் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். உட்பிரிவில் நடந்த மாற்றத்தை அந்த நகலுடன் ஒப்பிட்டால் உடனே கண்டுகொள்ளலாம்.

உண்மையான பிழை இருந்தால்?

நேர்மையான தவறுகளும் பின்னர் தெரியவரலாம். அதற்காகப் பழைய ஆண்டைத் திறக்கத் தேவையில்லை. விடுபட்ட ரூ.4,60,800-ஐ நடப்பு ஆண்டில், 'முந்தைய ஆண்டுக்குரியது' என்ற விளக்கத்துடன் புதிய வவுச்சராகப் பதிவு செய்யலாம். பழைய பிழையும் அதன் திருத்தமும் இரண்டுமே கண்ணுக்குத் தெரியும்.

ஏற்கப்பட்ட நிதிநிலை அறிக்கையையே மாற்ற வேண்டுமெனில், நிறுவனங்கள் சட்டத்தின் 131ஆவது பிரிவின்கீழ் நிறுவனத்தின் இயக்குநர்கள் குழு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். முந்தைய மூன்று நிதியாண்டுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். மோசடி அல்லது நம்பகமற்ற கணக்கு எனில், 130ஆவது பிரிவின்கீழ் மத்திய அரசு உள்ளிட்டோர் தீர்ப்பாயத்தை நாடலாம்.

ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனத்தில் நடந்தது இதுதான். அந்நிறுவனம் 2018இல் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியது. அதன் இயக்குநர்கள் குழு நீக்கப்பட்டு, புதிய குழு பொறுப்பேற்றது. அந்நிறுவனம் மற்றும் அதன் இரு துணை நிறுவனங்களின் முந்தைய ஐந்து ஆண்டுக் கணக்குகளை மீண்டும் திறக்க 2019 ஜனவரி 1 அன்று தீர்ப்பாயம் அனுமதித்தது. இதை எதிர்த்து முன்னாள் இயக்குநர் ஹரி சங்கரன் தொடுத்த மேல்முறையீட்டை அதே ஆண்டு ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

எடிட் லாக் விதி நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவானவற்றுக்கே பொருந்தும். தனிநபர் கடைகளையும் கூட்டாண்மைத் தொழில்களையும் அது கட்டுப்படுத்தாது. அத்தகைய இடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஊதியச் சீட்டும் பி.எஃப். பாஸ்புக்குமே கையில் இருக்கும் சான்று. ஊதியச் சீட்டில் உள்ள அடிப்படை ஊதியத்தின் 12 சதவீதமும், பாஸ்புக்கில் தமது பங்காக வரவான தொகையும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டால், எந்தக் கணினியில் எது மாற்றப்பட்டாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.