பச்சை எங்கே போனது?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச உயர் ரத்த அழுத்தச் சங்கமும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட இதயநோய் அபாய அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு அதன் முகம் மறக்காது. வண்ண வண்ணக் கட்டங்களாக, சின்னக் குழந்தைகள் விளையாடும் பலகை போல இருக்கும். அடுத்த 10 ஆண்டுகளில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்று மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்லலாம். அதையே கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். சாம்பல் கட்டங்கள் மட்டும் இருக்கும். உள்ளே ஓர் எண்கூட இல்லை.

அதுதான் இந்த அட்டவணையின் விசேஷம். பெரும்பாலான அட்டவணைகளில் கட்டத்துக்குள் எண் இருக்கும், நிறம் அதற்கு ஓர் ஒப்பனை. நிறம் போனாலும் எண் மிஞ்சும். இங்கே ஓரங்களில் மட்டுமே எண்கள். பக்கவாட்டில் வயதும் ரத்த அழுத்தமும், கீழே கொழுப்பின் அளவு. நடுவில் இருக்கும் கட்டத்தின் விடை அதன் நிறம்தான். பச்சை என்றால் அபாயம் 10 சதவீதத்துக்கும் குறைவு. மஞ்சள் 10 முதல் 20க்குள், ஆரஞ்சு 20 முதல் 30க்குள், சிவப்பு 30 முதல் 40க்குள், கருஞ்சிவப்பு 40ம் அதற்கு மேலும்.

இப்படிப்பட்ட ஒரு தாளை ஸ்கேன் செய்து, எழுத்துகளைப் படித்தெடுக்கும் மென்பொருளிடம் கொடுத்தால் என்ன கிடைக்கும்? 40, 50, 60, 70 என்று வயது வரும். 120, 140, 160, 180 என்று அழுத்தம் வரும். 4 முதல் 8 வரை கொழுப்பு வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. எழுத்தைப் படிப்பது அதன் வேலை, அங்கே எழுத்து இல்லை. ஆக, தலைப்புகள் எல்லாம் சரியாக இருக்கும், தரவு மட்டும் இல்லாத ஓர் அட்டவணை கைக்கு வரும்.

பழைய அட்டவணைதானே, போகட்டும் என்று விட முடியாது. அந்த அட்டவணையை வைத்துத் தெற்காசியாவில் ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. அவற்றைப் புதிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் பழைய விடைகள் கணினிக்குப் புரியும் வடிவில் வேண்டும். 2016இல் ஆய்வாளர் குழு ஒன்று `whoishRisk` என்ற பெயரில் ஆர் மொழிக்கான நிரல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. உலகை 14 பகுதிகளாகப் பிரித்து வரைந்த இந்த அட்டவணைகளைக் கணினியில் பயன்படுத்தவே அந்தத் தொகுப்பு. இந்தியா அவற்றில் ஒரு பகுதியில் வருகிறது. இலங்கை, தாய்லாந்து, இந்தோனேசியாவோடு சேர்ந்து இன்னொரு பகுதியில் இருக்கிறது.

வேலையின் அளவைப் பார்ப்போம். ஒரு பகுதிக்கு நீரிழிவு உண்டு, இல்லை என இரண்டு பிரிவு. ஒவ்வொன்றிலும் ஆண், பெண். அவர்களிலும் புகைப்பவர், புகைக்காதவர். வயது 4, அழுத்தம் 4, கொழுப்பு 5. எல்லாவற்றையும் பெருக்கினால் 640 கட்டங்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் எப்படி எழுதிக்கொள்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, எக்செல்லில் அதே கட்டங்களைப் போட்டு அதே நிறங்களைப் பூசிவிடுவது. பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் அந்தக் கோப்பை `CSV` ஆகச் சேமித்த நொடியில் நிறம் மொத்தமும் போய்விடும். அந்த வகைக் கோப்பில் எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டுமே இடம் உண்டு. நிறங்களைக் கூட்டவோ எண்ணவோ சாதாரணச் சூத்திரங்களாலும் முடியாது. தாளில் இருந்த சிக்கலை அப்படியே கணினிக்குள் குடியேற்றியதாகத்தான் ஆகும்.

சரியான வழி, அட்டவணையைப் பிரித்துப் போடுவது. ஒரு கட்டத்துக்கு ஒரு வரி. அந்தக் கட்டம் எங்கே இருந்தது என்பதை முதல் ஆறு பத்திகள் சொல்லும். நிறம் சொன்ன சேதிக்கு, தாளில் இல்லாத ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். கீழே இருப்பது வடிவத்தைக் காட்ட மட்டுமே. நிறங்கள் கற்பனை, யாரும் தம் உடம்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

```
நீரிழிவு,பாலினம்,புகை,வயது,அழுத்தம்,கொழுப்பு,நிறம்,பிரிவு
இல்லை,ஆண்,உண்டு,60,160,6,மஞ்சள்,2
இல்லை,ஆண்,உண்டு,60,160,7,மஞ்சள்,2
இல்லை,ஆண்,உண்டு,60,160,8,தெரியவில்லை,
```

நிறத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று என இரண்டு பத்திகள் இருப்பதைக் கவனிக்கலாம். கண்ணால் பார்த்தது நிறம். அதற்குப் பொருள் சொல்வது தாளில் இருக்கும் வண்ணக் குறிப்பு. பார்த்ததையும் புரிந்துகொண்டதையும் தனித்தனியாக வைத்தால், குறிப்பைத் தவறாகப் படித்துவிட்டோம் என்று பிறகு தெரிந்தாலும் 640 கட்டங்களையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. பிரிவுப் பத்தியை மட்டும் மாற்றினால் போதும்.

பிரிவை 1 முதல் 5 வரை எண்ணாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. நிறப் பெயர்களைக் கணினி அகரவரிசையில் அடுக்கினால் ஆரஞ்சு முதலில் வரும், அடுத்து கருஞ்சிவப்பு, சிவப்பு, பச்சை, கடைசியில் மஞ்சள். அபாயத்தின் ஏறுவரிசை அதில் அடியோடு கலைந்துவிடும். சதவீதத்தையே 10-20 என்று எழுதலாமே என்றால், எக்செல் அதைத் தேதியாக மாற்றி வைக்கும்! எந்த எண்ணுக்கு எந்தச் சதவீதம் என்பதைத் தனித் தாளில் ஐந்தே வரியில் எழுதி வைத்தால் போதும்.

மூன்றாவது வரியில் கட்டத்தின் மேல் கறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கட்டம் மஞ்சள், கொழுப்பு கூடினால் அபாயம் குறையாது, ஆகவே இதுவும் குறைந்தது மஞ்சளாகவாவது இருக்க வேண்டும் என்று ஊகிக்க முடியும். ஊகிக்கலாம், எழுதக் கூடாது. வெறுமையாக விட்டாலும் ஆபத்து. எழுத மறந்ததா, தெரியாமல் விட்டதா என்று அடுத்தவருக்குப் புரியாது. "தெரியவில்லை" என்று எழுதிவிடுவதே நேர்மை.

இனி நிறத்தைப் படிப்பது. மூல அச்சு கையில் இருந்தால் அதை வண்ணத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும். இது சொல்லாமலே தெரியும் என்று தோன்றலாம், ஆனால் சாம்பலில் எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாம்பலாக மாற்றும்போது கணினி பொதுவாக இந்தக் கணக்கைப் போடும்:

```
0.299*R + 0.587*G + 0.114*B
```

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் இப்படிச் சேர்த்தால் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச அளவு வரும். 0 கறுப்பு, 255 வெள்ளை. கணினியில் வழக்கமாகப் பயன்படும் நிறங்களை இதில் போட்டால் மஞ்சள் 226 ஆகிறது, ஆரஞ்சு 173, சிவப்பு 76, கருஞ்சிவப்பு 38. நிறம் கருக்கக் கருக்க அபாயம் கூடுகிறது, வரிசை சரியாகவே போகிறது. பச்சை எங்கே போனது? அலுவலக மென்பொருள்களில் அடிக்கடி காணும் பச்சையான `0,176,80` இந்தக் கணக்கில் 112 ஆகிறது. அதாவது ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது.

சாம்பல் நகலைப் பார்ப்பவர் இயல்பாகவே கருமை கூடினால் அபாயம் கூடுதல் என்று எடுத்துக்கொள்வார். அப்படிப் படித்தால், இருப்பதிலேயே குறைந்த அபாயமுள்ள பச்சைக் கட்டக்காரர் ஆரஞ்சுக்காரரைவிட மோசமான நிலையில் இருப்பதாகத் தெரியும். நகல் பார்க்கத் தெளிவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. அச்சடித்த பச்சையின் அடர்த்தியைப் பொறுத்து இந்த எண்கள் முன்பின்னாக மாறும் என்பது உண்மைதான். ஆனால் வரிசை குலையாது என்று நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

வண்ணத்தில் எடுத்த படத்தையும் மிக நெருக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்தால் வேறொரு வேடிக்கை தெரியும். ஆரஞ்சுக் கட்டத்தில் ஆரஞ்சே இருக்காது. அச்சகத்தில் மஞ்சள் புள்ளிகளையும் இளஞ்சிவப்புப் புள்ளிகளையும் நெருக்கமாக வைத்துத்தான் ஆரஞ்சை உண்டாக்குகிறார்கள். ஒரே ஒரு புள்ளியை எடுத்து நிறம் பார்த்தால் மஞ்சள் என்றும் வரலாம், இளஞ்சிவப்பு என்றும் வரலாம். அதனால் கட்டத்தின் நடுவில் ஓரளவு பெரிய சதுரத்தை எடுத்து அதன் சராசரி நிறத்தைப் பார்க்க வேண்டும். ஓரங்களைத் தொடக் கூடாது. அங்கே கோடும் பக்கத்து நிறமும் கலந்திருக்கும்.

அந்தச் சராசரியை எதோடு ஒப்பிடுவது? புத்தகத்தில் இருக்கும் சுத்தமான பச்சையோடு அல்ல. தாள் பழுப்பேறியிருக்கும், மை வெளிறியிருக்கும். அதே பக்கத்தில் வண்ணக் குறிப்புக்காக அச்சடித்த ஐந்து சின்னக் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றோடு ஒப்பிட வேண்டும். அவையும் அதே மையில், அதே தாளில் சேர்ந்து வெளிறியவை. ஸ்கேன் செய்யும்போது குறிப்பு இருக்கும் பகுதியை அழகுக்காக வெட்டிவிட்டால் வேலை அதோடு முடிந்தது. கண்ணால் பார்த்து எழுதுவதானால், எழுதுபவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆண்களில் சிலருக்குத் தெரியாது. பலர் அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

எழுதி முடித்த பிறகு பிழை தேட இந்த அட்டவணையே ஒரு வழியும் தருகிறது. மற்றவை மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் அபாயம் குறையக் கூடாது. வயது ஏறினாலும், கொழுப்பு ஏறினாலும், புகைக்காதவரிலிருந்து புகைப்பவருக்குப் போனாலும் அப்படியே. பிரிவு எண்ணாக இருப்பதால் எங்கேயாவது 3க்கு அடுத்து 2 வருகிறதா என்று கணினியையே தேடச் சொல்லலாம். வந்தால் அந்தக் கட்டத்தை மூலத்தில் பார்த்தாக வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் தப்பும் பிழை உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய பகுதிகளை மொத்தமாக மாற்றி எழுதியிருந்தால் ஏறுவரிசை கெடாது. எல்லாம் சரி என்றே பதில் வரும். அதற்கு எளிய மருந்து ஒன்று இருக்கிறது. எழுதிய பிரிவுப் பத்தியை வைத்தே கட்டங்களுக்குத் திரும்ப நிறம் பூசி, பழைய தாளின் அமைப்பில் அச்சடித்து, மூலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இடம் மாறியது கண்ணில் பட்டுவிடும்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இந்த அட்டவணைகளைப் புதிதாகக் கணக்கிட்டு வெளியிட்டது. இந்தமுறை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சதவீத எண்ணையும் அச்சிட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்தாலும் எண் நிற்கும். கூடவே நிறங்களின் எல்லையையும் மாற்றிவிட்டார்கள். 2007இன் மஞ்சளுக்கு 10 முதல் 20 சதவீதத்துக்குள் என்று பொருள், 2019இன் மஞ்சளுக்கு 5 முதல் 10க்குள். வெறுமனே "மஞ்சள்" என்று மட்டும் எழுதி வைத்தவர்கள் பழைய தாளைத் திரும்பத் தேட வேண்டியிருக்கும்.