மாடிக்கு விட்ட கம்பியும் மண்ணுக்குள் இருக்கும் கணக்கும்

எந்தத் தெருவில் நிமிர்ந்து பார்த்தாலும் நாலைந்து மொட்டை மாடிகளில் பில்லர் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது கீழ்த்தளம், பிள்ளைகள் தலையெடுத்ததும் மாடி என்பது நம் ஊர்க் கணக்கு. “கம்பி விட்டிருக்கேன் சார், எப்ப வேணா ஏத்திக்கலாம்” என்று மேஸ்திரி சொன்னதும் வீட்டுக்காரருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அந்தக் கம்பியை வைத்துப் பில்லரை மேலே தொடரலாம், அவ்வளவுதான். கீழே மண்ணுக்குள் இருக்கும் ஃபுட்டிங் அந்தச் சுமையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் வானம் தோண்டிய அன்றே முடிவாகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் நடுவில் நிற்கும் ஒரு பில்லர், நான்கு பக்கமும் சேர்த்து 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடித் தளத்தின் சுமையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தளம், பீம், சுவர், மனிதர்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு உத்தேசமாக 125 கிலோ. ஒரு தளத்துக்கு 18 டன் வருகிறது. ஃபுட்டிங்கின் சொந்த எடையையும் சேர்த்து 20 டன் என்று கொள்ளலாம். மண் சதுர அடிக்கு 1.4 டன் தாங்கும் என்று பரிசோதனை சொன்னால், ஒரு தளத்துக்குச் சுமார் 14 சதுர அடி ஃபுட்டிங் போதும். பக்கத்துக்கு நான்கடிக்கும் கொஞ்சம் குறைவு. கீழ்த்தளத்துக்கு மேல் இரண்டு மாடி என்றால் சுமை 60 டன். ஃபுட்டிங் 43 சதுர அடி, பக்கத்துக்கு ஆறரை அடி ஆகிறது. பில்லரும் மாற வேண்டும்: ஒற்றைத் தளத்துக்கு வைக்கும் 9 அங்குலச் சதுரப் பில்லரும் நான்கு 12 மி.மீ. கம்பியும் இந்தச் சுமைக்குப் போதாது.

நான்கடி ஃபுட்டிங் மேல் நிற்கும் பில்லரிலிருந்தும் கம்பி நீட்டிவிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. மாடியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு வீடும் ஒன்றுபோலவே தெரியும். பிற்பாடு ஃபுட்டிங்கை அகலப்படுத்த முடியாது என்றில்லை. ஆனால் குடியிருக்கும் வீட்டில் தரையை உடைத்து, பில்லரைச் சுற்றித் தோண்டி, முட்டுக் கொடுத்து, பழைய கான்கிரீட்டோடு புதியதைப் பிணைக்க வேண்டும். அந்தப் பாடும் செலவும், இன்று குழியைப் பெரிதாக எடுத்துக் கூடுதலாகக் கம்பியும் கான்கிரீட்டும் போடுவதைவிடப் பல மடங்கு. மாடிக்கென்று ஒதுக்க இன்று கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், அதை ஃபுட்டிங்கில் போடுங்கள் என்றே சொல்வேன். கம்பியைப் பிறகு சரிசெய்ய வழி உண்டு.

கம்பிக்கு வருவோம். புதுக் கம்பியைப் பழையதோடு ஒட்டிக் கட்டும் நீளம், பணியிட வழக்கப்படி, கம்பியின் தடிமனைப் போல் 50 மடங்கு. 16 மி.மீ. கம்பிக்கு 800 மி.மீ., அதாவது இரண்டரை அடிக்குச் சற்று மேல். எல்லாக் கம்பியையும் ஒரே உயரத்தில் ஒட்டினால் பில்லர் அந்த இடத்தில் பலவீனப்படும். அதனால் பாதியைக் குட்டையாகவும் மீதியை நெட்டையாகவும் விட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் எல்லாம் ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருக்கும்.

துருதான் அடுத்த எதிரி. கம்பியின் நுனி சிவந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தளத்திலிருந்து கம்பி வெளிவரும் அடிப்பகுதியைப் பாருங்கள். மழைநீர் தேங்குவது அங்கே, கம்பி அரிக்கப்படுவதும் அங்கே. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை வேகப்படுத்தும். சிமென்ட் பால் பூச்சு நெடுநாள் நிற்காது. கம்பியைச் சுற்றிச் சிமென்ட் குறைந்த கான்கிரீட்டைத் தூண்போலப் போட்டு மூடி, தண்ணீர் நிற்காதபடி அடியில் சரிவு கொடுத்தால் பல வருடம் காக்கும். மாடி எழுப்பும்போது உடைத்து எடுத்துவிடலாம். இடைஞ்சலாக இருக்கிறது என்று கம்பியை மடக்கிவிட்டுப் பிறகு நிமிர்த்துவது மட்டும் கூடாது. மடங்கிய இடத்தில் விரிசல் விழும்.

மாடி எழுப்பும் நாளில் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, அடிப்பகுதியின் தடிமனை வெர்னியர் காலிபரில் அளக்கச் சொல்லுங்கள். மெல்லிய செந்துரு பரவாயில்லை. செதில் செதிலாக உதிர்ந்து, குழி விழுந்திருந்தால் கவனிக்க வேண்டும். 16 மி.மீ. கம்பி 14 ஆகியிருந்தால், பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் கம்பியின் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்டக் கால்பங்கு போய்விட்டது. அப்போது பில்லரின் தலையை உடைத்து நல்ல கம்பி தெரியும் வரை இறங்கலாம், அல்லது துளையிட்டு எப்பாக்ஸி கலவையில் புதுக் கம்பி நடலாம். இரண்டுமே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவை. மேஸ்திரி முடிவுசெய்யும் வேலை இல்லை.

பத்து வருடம் கழித்து வரும் அந்த இன்ஜினீயர் முதலில் கேட்பது ஃபுட்டிங் வரைபடத்தை. பல வீடுகளில் அது இருக்காது; ஓரிரு பில்லரடியில் தோண்டிப் பார்த்தாக வேண்டும். எனவே கான்கிரீட் கொட்டும் முன்பே ஒவ்வொரு குழியிலும் அளவு டேப்பை விரித்துவைத்து, கம்பிக் கூடு தெரியும்படி படம் எடுங்கள். அந்தப் படங்களோடு மண் பரிசோதனை அறிக்கையையும், எத்தனை தளத்துக்குக் கணக்கிட்டது என்று எழுதிக் கையெழுத்திட்ட வரைபடத்தையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.