மெம்பரேனை மாற்றுமுன் ஒரு நிமிடம் அளந்து பாருங்கள்

ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் நூல் மாதிரி வடிகிறது, பம்ப் மட்டும் கடகடவென்று வீட்டையே எழுப்புகிறது. இப்படிச் சொன்னதும் பல சர்வீஸ்காரர்கள் "மெம்பரேன் போச்சுங்க" என்றுதான் தொடங்குவார்கள். போயிருக்கவும் கூடும். ஆனால் இரண்டு தொல்லையும் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மெம்பரேனுக்கு முன்னால் இருக்கிற வழியை.

காரணம் எளிது. மெம்பரேன் வழியே தண்ணீர் தானாக இறங்காது, அழுத்தித் தள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது பம்ப். அது சதுர சென்டிமீட்டருக்கு நாலைந்து கிலோ அழுத்தம் கொடுக்கும். கழிவுநீர் குழாயில் செருகியிருக்கும் சின்ன ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், தண்ணீரைச் சும்மா ஓடவிடாமல் அந்த அழுத்தத்தைத் தக்கவைக்கும். பம்பால் தள்ளத்தான் முடியும், இல்லாத தண்ணீரை உண்டாக்க முடியாது. உள்ளே வருவது போதவில்லை என்றால் அது காற்றையும் வெற்றிடத்தையும் இழுத்து அதிரும். அடைத்த மெம்பரேனை எதிர்த்து ஓடும் பம்பின் சத்தம் வேறு: இறுக்கமான முனகல், தொட்டால் சூடு.

காதை மட்டும் நம்ப வேண்டாம். மெஷின் ஓடும்போது கழிவுநீர் குழாயை ஒரு அளவுக் குவளையிலும், சேமிப்புத் தொட்டிக்குள் போகும் நல்ல தண்ணீர் குழாயை இன்னொன்றிலும் ஒரு நிமிடம் பிடியுங்கள். வெளிக் குழாயில் பிடித்தால் கணக்கு தவறும். அங்கே வருவது தொட்டியில் ஏற்கெனவே சேர்ந்த தண்ணீர். வீடுகளில் அதிகம் இருக்கும் 75 கேலன் மெம்பரேன் ஒரு நாளைக்குச் சுமார் 284 லிட்டர் என்று குறிக்கப்பட்டது, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி. போர் தண்ணீரில் 150 வந்தாலே குறை சொல்ல முடியாது, ஏனென்றால் உப்பு கூடக்கூட அழுத்தத்தில் ஒரு பகுதி அதை வெல்லவே செலவாகிவிடும். கழிவுநீர் எவ்வளவு வர வேண்டும் என்பது ரெஸ்ட்ரிக்டரின் மேலேயே எழுதியிருக்கும். 300 அல்லது 450 மில்லி என்பது வழக்கம்.

நல்ல தண்ணீர் குறைந்து, கழிவுநீர் சரியாக வந்தால் மெம்பரேன் அடைத்திருக்கலாம். கழிவுநீர் குறித்த அளவைத் தாண்டிக் கொட்டினால் ரெஸ்ட்ரிக்டர் அல்லது ஃப்ளஷ் வால்வு அழுத்தத்தை விட்டுக்கொடுக்கிறது. இரண்டுமே குறைந்தால் உள்ளே தண்ணீர் வரவில்லை, அல்லது பம்பே தேய்ந்துவிட்டது.

எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடி வீடு ஒன்றில் நடந்தது மூன்றாவது வகை. மெம்பரேன் ஏற்கெனவே புதிது மாற்றியாகிவிட்டது, காசும் போய்விட்டது, சத்தம் மட்டும் போகவில்லை. அளந்தால் நல்ல தண்ணீர் 50 மில்லி, கழிவுநீர் 120. ஒரு நிமிடத்துக்கு மொத்தமே 170! டிடிஎஸ் மீட்டரில் நல்ல தண்ணீரின் எண்ணும் முன்பைவிடக் கூடியிருந்தது. அழுத்தம் குறைந்தால் மெம்பரேன் வழியே வரும் தண்ணீர் குறையும், கசியும் உப்பு அந்த அளவுக்குக் குறையாது. அதனால் எண் ஏறும்.

பிறகு பின்னோக்கிப் போனோம். பம்புக்குள் நுழையும் குழாயைக் கழற்றிப் பிடித்தால் அதே மெல்லிய ஒழுக்கு. ஆக, பம்ப் குற்றவாளி இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் சொலினாய்டு வால்வின் நுழைவுக் குழாயைக் கழற்றியதும் தண்ணீர் பாய்ந்து வந்தது. மாட்டிக்கொண்டது வால்வுதான். அதன் வாயில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வலை இருக்கும். அதில் துருவும் மணலும் அப்பியிருந்தன. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டியதும் 190 மில்லியும் 420 மில்லியும் வந்தன. கடகட சத்தமும் அடங்கியது.

இந்தச் சோதனையில் ஒரு கவனம் தேவை. சொலினாய்டு வால்வு மின்சாரம் இருந்தால்தான் திறக்கும். அதற்குப் பின்னால் அளக்கும்போது மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் அடாப்டர் மேல் தெறிக்கக் கூடாது. கழற்றி மாட்டும் நேரமெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், நுழைவுக் குழாயையும் மூடிவிடுங்கள்.

வலை சுத்தமாக இருந்தும் ஒழுக்குதான் என்றால் வெளியே தொங்கும் முன்வடிகட்டியின் கேண்டிலைப் பாருங்கள். சேறு பிடித்துக் காவி நிறமாகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். குழாய்க்குள் நீர்க்குமிழ்கள் ஓடினால் ஏதோ ஒரு இணைப்பு காற்றை இழுக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால், மாடித் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. மேல்மாடியில் தொட்டி இரண்டு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும் என்றால் கிடைப்பது 0.2 கிலோதான். பல மெஷின்கள் குறைந்தது 0.3 கிலோவாவது கேட்கும். அங்கே எத்தனை மெம்பரேன் மாற்றினாலும் பயனில்லை. மெஷினுக்கு முன்னால் இன்னொரு சிறு பம்ப் வைப்பதுதான் வழி.

அடுத்த முறை சர்வீஸ்காரர் மெம்பரேன் என்று சொன்னால், பையைத் திறக்குமுன் இரண்டு குழாயையும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.