வாஷிங் மெஷின் ஓய்ந்தாலும் ஹோஸ் ஓய்வதில்லை

துவைத்து முடித்ததும் வாஷிங் மெஷின் 'பீப்' என்று கூப்பிடுகிறது. துணியை எடுத்து உதறிக் காயப்போடுகிறோம். சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். ஆனால் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் குழாயை மூடுபவர்கள் குறைவு. மெஷின் மாட்டிய அன்று திறந்த குழாய், மெஷினை விற்கும் நாள்வரை திறந்தே கிடக்கும் வீடுகள் நிறைய.

குழாயையும் மெஷினையும் இணைக்கும் ஒன்றரை மீட்டர் ஹோஸுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மெஷினின் முதுகில், ஹோஸ் வந்து சேரும் இடத்தில், மின்சாரத்தால் திறந்து மூடும் சின்ன வால்வு ஒன்று உண்டு. தண்ணீர் தேவைப்படும் சில நிமிடங்களுக்கு மட்டும் அது திறக்கும். மற்ற நேரமெல்லாம் மூடியே இருக்கும். ஆகவே குழாய் திறந்திருக்கும்வரை, மேலே டேங்கிலிருந்து வரும் அழுத்தம் முழுவதையும் அந்த ஹோஸ்தான் இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது. துவைப்பது நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், மீதி இருபத்திரண்டரை மணி நேரம் அது சும்மா அழுத்தத்தில் நிற்கிறது.

அழுத்தம் எவ்வளவு என்பது நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மொட்டை மாடி டேங்கின் தண்ணீர் மட்டத்திலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கினால் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். டேங்குக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் 0.3 பார்கூட இருக்காது. ஐந்து மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அது 1.5 பாரைத் தாண்டிவிடும். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் 2 பார், சில சமயம் அதற்கும் மேல். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய இவ்வளவுதான். நல்ல ஹோஸ் இதைப்போலப் பல மடங்கு தாங்கும். வயதான ஹோஸுக்குத்தான் இது பிரச்சினை.

ஹோஸ் நடுவில் வெடிப்பது குறைவு. இரண்டு முனைகளிலும் உலோக வளையம் போட்டு இறுக்கிய இடத்தையொட்டித்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் ஹோஸ் அங்கே மடியும். மடிந்த இடம் வெளுத்து, பிறகு கீறல் விடும். பால்கனியில் வைத்த மெஷின் என்றால் வெயில் பட்டு ரப்பரும் பிளாஸ்டிக்கும் விறைத்துப்போகும். எலியும் அணிலும் கடித்து வைப்பது தனிக் கதை. மெஷின் தண்ணீர் எடுத்து முடித்து வால்வு சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும் வீடுகள் உண்டு. ஓடிவந்த தண்ணீர் திடீரென்று நின்று மோதும் சத்தம் அது. அந்த நொடியில் ஹோஸுக்குள் அழுத்தம் வழக்கத்தைவிட எகிறுகிறது. ஒவ்வொரு துவையலிலும் பல முறை இந்த அடி விழும்.

வெடித்தால் எவ்வளவு சேதம் என்பதை ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போடலாம். 800 சதுர அடி ஃபிளாட், இரண்டாவது மாடி. மெஷின் குழாயில் 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருக்கும்போது ஹோஸ் விட்டுப்போனால் ஒரு மணி நேரத்தில் 900 லிட்டர். வெளியே வழியில்லாமல் வீடு முழுக்கப் பரவினால் 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். கட்டில் கால், பீரோவின் அடி, மர வாசற்கால் எல்லாம் நனைய அதுவே போதும். எட்டு மணி நேரம் ஓடினால் 7,200 லிட்டர். தனி வீடாக இருந்தால் 1,000 லிட்டர் டேங்க் காலியானதோடு கதை முடியும். அடுக்குமாடியில் அப்படி முடியாது. டேங்க் குறையக் குறைய ஆட்டோமேட்டிக் மோட்டார் சம்ப்பிலிருந்து ஏற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கிய பிறகுதான் விஷயமே தெரியவரும்.

இப்போது குழாயை மூடியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஹோஸின் உள் விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டர் என்றால் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 120 மில்லி. ஹோஸ் இரண்டாகப் பிளந்தாலும் தரையில் சிந்துவது ஒரு டம்ளருக்கும் குறைவு. குழாயை மூடுவதால் வரும் முழுப் பலனும் இதுதான்.

மூடுவது துவைத்து முடிந்த பிறகுதான். நடுவில் மூடிவிட்டால் தண்ணீர் வரவில்லை என்று மெஷின் நின்றுவிடும். சில மெஷின்களில் திரையில் IE என்றும், சிலவற்றில் 4C என்றும் வரும். அடுத்த முறை திறக்க மறந்தாலும் இதே அறிவிப்புதான். வேறு கெடுதல் இல்லை. இதில் இன்னொரு பலனும் உண்டு. மெஷினின் வால்வில் மணலோ உப்புத் துகளோ மாட்டினால் அது முழுசாக மூடாது. மெஷின் அணைந்திருக்கும்போதும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். துவைக்கப் போடுமுன் டிரம்மில் தண்ணீர் தேங்கியிருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குழாய் மூடியிருந்தால் அந்தக் கசிவும் நின்றுவிடும்.

ஆனால் துவைக்கும் நேரத்தில் குழாய் திறந்திருந்துதானே ஆக வேண்டும்? மெஷினைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக வந்ததுதான் அக்வா ஸ்டாப் ஹோஸ். பாத்திரம் கழுவும் மெஷின்களிலும், சில ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்களிலும் இது கூடவே வருகிறது. சாதாரண ஹோஸைவிடப் பருமனாக, நெளிநெளியான மேல் உறையோடு இருக்கும். குழாயில் மாட்டும் முனையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகைக்கு மின்சாரம் வேண்டாம். ஹோஸுக்குள் ஹோஸ்: உள்ளே இருப்பது வெடித்தால் தண்ணீர் வெளியே வராமல் மேல் உறைக்குள் நிறையும். அது குழாய்ப் பக்கத்துப் பெட்டியை எட்டியதும், அங்கே இருக்கும் உறிஞ்சும் பொருள் நனைந்து உப்பும். அது உப்பியதும் ஸ்பிரிங் விடுபட்டு வால்வு அடைத்துக்கொள்ளும். பெட்டியில் உள்ள சின்னக் கண்ணாடித் துளையில் சிவப்பு தெரியும். ஒரு முறை அடைத்தால் அடைத்ததுதான். திரும்பத் திறக்காது, புது ஹோஸ்தான் வாங்க வேண்டும். மெஷினுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் அந்தத் துளையை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வகையில் அந்தப் பெட்டிக்குள்ளேயே மின்சார வால்வு இருக்கும். உறைக்குள் ஒயர் ஓடி மெஷினில் சேரும். மெஷின் கேட்டால் மட்டும்தான் அது திறக்கும். கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும். ஆகவே மெஷின் ஓய்ந்திருக்கும்போது அழுத்தம் ஹோஸுக்குள் இறங்காமல் பெட்டியோடு நின்றுவிடுகிறது. இந்த வகை மெஷின்களின் அடியில் ஒரு தட்டும் அதில் ஒரு மிதவையும் இருக்கும். மெஷினுக்குள் எங்கே கசிந்தாலும் தண்ணீர் அந்தத் தட்டில் சேரும், மிதவை எழும்பும், உள்ளே வரும் தண்ணீர் நிற்கும். இந்த ஹோஸ் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிச் சுருக்கக் கூடாது, பெட்டியைத் தண்ணீரில் அமுக்கிக் கழுவவும் கூடாது. இரண்டுக்கும் காரணம் உள்ளே இருக்கும் மின்சாரம்தான்.

அக்வா ஸ்டாப் இருந்தால் குழாயை மூடவே வேண்டாமா? அந்தப் பெட்டி காவல் காப்பது தனக்குப் பின்னால் இருக்கும் ஹோஸை மட்டும்தான். பெட்டிக்கு முன்னால் குழாயில் மாட்டும் மரையோ வாஷரோ விட்டுப்போனால் அதற்கு ஒன்றும் தெரியாது. அழுக்குத் தண்ணீர் போகும் ஹோஸ் கழன்று விழுந்தாலும், பாத்ரூம் ஜாலியில் நூலும் பஞ்சும் அடைத்து எதிர்த்து வந்தாலும் அதனால் தடுக்க முடியாது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வாளி பிடிக்கும் சாதாரண குழாயின் வாயில், நாலு ஸ்க்ரூ வைத்து இறுக்கும் பிளாஸ்டிக் அடாப்டரைப் போட்டு ஹோஸை மாட்டியிருப்பார்கள். ஹோஸ் வெடிக்கும்வரை இது காத்திருப்பதில்லை. அழுத்தம் கூடிய ஏதோ ஒரு ராத்திரியில் அடாப்டரே வழுக்கிக் கழன்றுவிடுகிறது. கனமான அக்வா ஸ்டாப் பெட்டியை இதில் தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம் கழலும். இப்படிப்பட்ட வீட்டில் முதல் செலவு ஹோஸுக்கு இல்லை. முக்கால் அங்குல மரை உள்ள வாஷிங் மெஷின் குழாய்க்குத்தான். வாங்கும்போதே பல சுற்றுச் சுற்றும் குழாயாக இல்லாமல், கால் சுற்றில் மூடும் லீவர் குழாயாகப் பார்த்து வாங்கி, மெஷினுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் கை எட்டும் இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். குனிந்து கைவிட்டுத் துழாவ வேண்டிய குழாயை எவ்வளவு அக்கறை உள்ளவரும் பத்து நாளுக்கு மேல் மூட மாட்டார்.

ஹோஸை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். நட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் தெரியும். போர் தண்ணீர் வீடு என்றால் கசிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். முனைக்கு அருகே புடைப்பு, வெளுத்த மடிப்பு, வளையத்தில் துரு ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மாற்றிவிடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. புது மெஷின் வாங்கினால் அதோடு வந்த ஹோஸையே மாட்டச் சொல்லுங்கள். பழையதை எடுத்து மாட்டக் கூடாது என்று மெஷின் கையேடுகளே சொல்கின்றன.

இவ்வளவையும் மீறி வீட்டில் தண்ணீர் நின்றால் குழாயை நோக்கி ஓடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை இறக்குங்கள். மெஷினின் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தரையோடு தரையாக இருக்கலாம். அதன் பிறகு குழாய். குழாயே உடைந்திருந்தால் உங்கள் வீட்டுக்கு வரும் லைனின் கேட் வால்வு. அது டக்ட்டில் இருக்கிறதா, மொட்டை மாடியில் இருக்கிறதா, பல வருடம் திருகாமல் இறுகிப்போயிருக்கிறதா என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடவை மூடித் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.